கேஷ் ஆன் டெலிவரியா, முன்பணமா? பணம் திரும்பி வரும் வழியைப் பார்த்து முடிவெடுங்கள்

கேள்வி: புதிதாகக் கண்ணில் பட்ட ஓர் ஆன்லைன் கடையில் ஹெட்போன் வாங்க நினைக்கிறேன். முன்பே பணம் கட்டினால் தள்ளுபடி உண்டு, கேஷ் ஆன் டெலிவரி என்றால் தனியாகக் கட்டணம். பொருளைக் கையில் வாங்கிவிட்டுப் பணம் கொடுப்பதுதான் பாதுகாப்பு என்கிறார்கள் வீட்டில். எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்:

உங்களிடம் கார்டு இருந்து, அந்தக் கடை முறையான கார்டு பேமென்ட் பக்கமும் வைத்திருந்தால், கார்டில் முன்பே கட்டுங்கள். கிரெடிட் கார்டு இருந்தால் இன்னும் நல்லது. பார்சலைப் பிரித்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுக்க அனுமதி உண்டு என்றால் கேஷ் ஆன் டெலிவரியும் சரியே. கார்டு வசதியே இல்லாதவர்களுக்கும் அதுதான் வழி. கடைக்காரரின் வங்கிக் கணக்குக்கோ அவர் அனுப்பும் க்யூஆர் கோடுக்கோ நேரடியாகப் பணம் அனுப்பச் சொன்னால், தள்ளுபடி எவ்வளவு பெரியதாக இருந்தாலும் வேண்டாம்.

வீட்டில் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் அது பாதி நியாயம்தான். பணம் எப்போது நம் கையை விட்டுப் போகிறது என்பதை மட்டும் வைத்து அவர்கள் கணக்குப் போடுகிறார்கள். ஏதாவது தவறாகிவிட்டால் அந்தப் பணம் எந்த வழியாகத் திரும்பி வரும், அதைத் திருப்பித் தரவைக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். பணம் கட்டும் முறைகளுக்குள் உண்மையான வேறுபாடு அங்கேதான் இருக்கிறது.

முதலில் கேஷ் ஆன் டெலிவரியில் பணம் எப்படிப் போகிறது என்று பார்ப்போம். கடைக்காரர் பார்சலைக் கூரியரிடம் ஒப்படைக்கும்போது, வசூலிக்க வேண்டிய தொகையும் லேபிளில் அச்சாகிவிடும். டெலிவரி செய்பவர் உங்களிடம் வாங்கும் பணத்தை அன்றைய கணக்கோடு தன் கிளை அலுவலகத்தில் கட்டுகிறார். கூரியர் நிறுவனம் இப்படிச் சேர்ந்த தொகைகளை மொத்தமாகக் கணக்குப் பார்த்து, சில நாள் கழித்துக் கடைக்காரருக்கு அனுப்புகிறது. இதில் கூரியரின் ஒப்பந்தம் கடைக்காரரோடுதான், உங்களோடு இல்லை. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளும் கடமையும் இல்லை. பெரும்பாலான இடங்களில் பணம் கொடுத்த பிறகுதான் பெட்டியைப் பிரிக்க விடுவார்கள். பிரித்துப் பார்த்ததும் அவரைக் கூப்பிட்டுப் பணத்தைத் திருப்பிக் கேட்டால், அவரால் தர முடியாது. அவர் நல்லவரா கெட்டவரா என்பதல்ல விஷயம், அவர் கணக்கில் அதற்கு இடமே இல்லை.

ஆக, கேஷ் ஆன் டெலிவரி உங்களை ஒரே ஒரு ஆபத்திலிருந்து முழுமையாகக் காப்பாற்றுகிறது: பார்சலே வராமல் போவது. தவறான பொருள், போலிப் பொருள், பழுதான பொருள், காலிப் பெட்டி இவற்றிலிருந்து அது தன்னளவில் காப்பாற்றாது. ஏமாற்ற நினைக்கும் கடைக்காரருக்கும் இது தெரியும். அதனால்தான் மோசடிக் கடைகள் பலவும் கேஷ் ஆன் டெலிவரியைத் தாராளமாக வைத்திருக்கின்றன. முன்பணம் கேட்டால் சந்தேகப்பட்டு விலகிப் போகும் வாடிக்கையாளரை, "பொருள் வந்த பிறகு கொடுத்தால் போதும்" என்ற ஒரு வரி உட்கார வைத்துவிடும்.

உங்கள் ஹெட்போனையே எடுத்துக்கொள்வோம். விளம்பரத்தில் பிரபலமான ஒரு மாடல், வழக்கமான விலையில் பாதி. நீங்கள் கேஷ் ஆன் டெலிவரி போடுகிறீர்கள். சொன்ன நாளில் பார்சல் வருகிறது, பணம் கொடுத்து வாங்குகிறீர்கள், பிரித்தால் பெயர் தெரியாத மலிவு ஹெட்போன். கடையின் இணையதளத்தில் ஒரு மின்னஞ்சல் முகவரி மட்டும் இருக்கிறது. எழுதுகிறீர்கள், பதில் இல்லை. கூரியரை அழைத்தால் "டெலிவரி முடிந்தது, அனுப்பியவரைக் கேளுங்கள்" என்கிறார்கள். வங்கியிடம் போகலாமா என்றால், நீங்கள் கொடுத்தது ரொக்கம், வங்கிக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. மிச்சம் இருப்பது நுகர்வோர் புகார், காவல்துறைப் புகார் ஆகியவைதான். இரண்டுக்கும் கடைக்காரரின் உண்மையான முகவரி வேண்டும். லேபிளில் இருக்கும் அனுப்புநர் முகவரி பல நேரம் ஒரு கிடங்கினுடையதாகத்தான் இருக்கும்.

இதே ஹெட்போனுக்குக் கார்டில் முன்பே கட்டியிருந்தால் கதை வேறு. உங்கள் வங்கி, விசா போன்ற கார்டு நெட்வொர்க், கடைக்காரரின் வங்கி என்ற ஒரு சங்கிலி வழியாகத்தான் பணம் போகிறது, அந்தச் சங்கிலி பின்னோக்கியும் இழுக்கும். இதைச் சார்ஜ்பேக் என்கிறார்கள். நீங்கள் உங்கள் வங்கியிடம் புகார் கொடுத்தால், அது கடைக்காரரின் வங்கியிடமிருந்து பணத்தைத் திரும்பக் கேட்கும். கடைக்காரர் தன் தரப்புக்கு ஆதாரம் காட்ட வேண்டும், காட்டாவிட்டால் பணம் உங்களுக்கு. அவர் கடையை மூடிவிட்டு ஓடிவிட்டாலும், அவரைச் சேர்த்துக்கொண்ட வங்கி அந்த நெட்வொர்க்கில் இருக்கிறது, பதில் சொல்ல வேண்டியது அந்த வங்கி. ரொக்கத்தில் இப்படி ஒரு மூன்றாவது ஆள் கிடையாது.

விசா விதிகளில் இதற்குத் தனித்தனிக் காரணக் குறியீடுகளே உண்டு. பொருள் வரவில்லை என்றால் 13.1, விவரித்தபடி இல்லை அல்லது பழுது என்றால் 13.3, போலிப் பொருள் என்றால் 13.4. நீங்கள் எண்ணைச் சொல்லத் தேவையில்லை, ஆனால் உங்கள் புகார் இவற்றில் எதில் விழுகிறது என்று தெளிவாக எழுத வேண்டும். "ஏமாற்றிவிட்டார்கள்" என்று மட்டும் எழுதினால் யாருக்கும் ஒன்றும் புரியாது. "கருப்பு நிற இன்ன மாடல் ஆர்டர் செய்தேன், வந்தது வேறு நிறுவனத்தின் பொருள், படம் இணைத்துள்ளேன், கடைக்காரருக்கு இன்ன தேதியில் எழுதினேன், பதில் இல்லை" என்று எழுதினால் நேராக 13.3-இல் போய் உட்காரும். இந்த வகைக்கு ஒரு நிபந்தனை உண்டு. பொருளைத் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும், அல்லது திருப்பி அனுப்ப முயன்றதற்குச் சான்று வேண்டும். அதனால் கடைக்காரர் பதில் தராதவர் என்று தெரிந்தாலும், "திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள்" என்று எழுத்தில் கேட்டு வையுங்கள். கால வரம்பு பொதுவாக 120 நாள். பொருள் வராத வழக்கில், அது வந்திருக்க வேண்டிய நாளிலிருந்து அந்தக் கணக்கு ஓடும். ஆனால் உங்கள் வங்கி இதைவிடக் குறைந்த கெடு வைத்திருக்கலாம், நாள் கடத்தக் கூடாது.

பலரும் இங்கே ஒரு தவறான எண்ணத்தால் புகாரே கொடுப்பதில்லை. "நானேதான் ஓடிபி போட்டேன், இனி வங்கி என்ன செய்யும்?" என்று விட்டுவிடுகிறார்கள். ஓடிபி நிரூபிப்பது ஒன்றைத்தான்: அந்தப் பரிவர்த்தனையைச் செய்தது நீங்கள் என்பதை. "இதை நான் செய்யவே இல்லை" என்ற புகாருக்கு அது எதிராக நிற்கும். "நான்தான் செய்தேன், ஆனால் பொருள் வரவில்லை" என்ற புகாருக்கும் அதற்கும் தொடர்பில்லை. வங்கியின் தொலைபேசி உதவியாளர்களிலும் சிலர் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வார்கள். அப்போது "இது மோசடிப் பரிவர்த்தனைப் புகார் அல்ல, பொருள் தொடர்பான தகராறு" என்று நிதானமாகச் சொல்லுங்கள். டெபிட் கார்டுக்கும் இந்த நெட்வொர்க் விதிகள் உண்டு. கிரெடிட் கார்டு மேல் என்று நான் சொல்லக் காரணம், தகராறு நடக்கும்போது போயிருப்பது உங்கள் சேமிப்புப் பணம் அல்ல என்பதுதான். சில நாடுகளில் சட்டமும் கிரெடிட் கார்டுக்குக் கூடுதல் பலம் தருகிறது. பிரிட்டனின் 1974 நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆவது பிரிவு, குறிப்பிட்ட விலை வரம்புக்குள் வரும் பொருள்களுக்குக் கார்டு கொடுத்த நிறுவனத்தையும் கடைக்காரரோடு சேர்த்துப் பொறுப்பாளி ஆக்குகிறது.

கார்டிலும் ஏமாற்ற வழி தேடுகிறார்கள். அதில் மிகவும் கெட்டிக்காரத்தனமானது டிராக்கிங் எண்ணை வைத்துச் செய்வது. ஹெட்போனை அனுப்பாமல், உங்கள் பகுதியிலேயே வேறு ஏதோ முகவரிக்கு ஒரு மலிவுப் பொருளை அனுப்பிவிட்டு, அந்த எண்ணை உங்களிடம் கொடுப்பார்கள். இணையத்தில் பார்த்தால் உங்கள் ஊர், "டெலிவரி ஆகிவிட்டது". இதைத்தான் வங்கிக்கும் ஆதாரமாக அனுப்புவார்கள். உடைக்க வழி இருக்கிறது. கூரியர் நிறுவனத்திடம் டெலிவரிச் சான்றைக் கேளுங்கள். எந்த முகவரியில் கொடுத்தார்கள், யார் கையெழுத்திட்டார், பார்சலின் எடை எவ்வளவு என்பது அவர்கள் பதிவில் இருக்கும். பெட்டியோடு அரைக் கிலோ இருக்க வேண்டிய ஹெட்போன் ஐம்பது கிராமில் போயிருந்தால் அந்த ஒரு எண்ணே உங்கள் வழக்கைச் சொல்லிவிடும். தவறான பொருள் கைக்கு வந்த வழக்கிலும் எடை பயன்படும் என்பதால், லேபிளைக் கிழிக்கும் முன் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இனி மூன்றாவது வழி, கடைக்காரரின் கணக்குக்கு நேரடியாகப் பணம் அனுப்புவது. எனக்கு உண்மையிலேயே கவலை தருவது இதுதான். முன்பணம் என்றாலே எல்லாம் ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள். கார்டில் கட்டும்போது கடைக்காரர் உங்கள் வங்கியிடமிருந்து பணத்தைக் கேட்டு வாங்குகிறார், அதனால் அந்தக் கேள்வியைத் திரும்பக் கேட்க முடிகிறது. வங்கிப் பரிமாற்றத்தில் பணத்தைத் தள்ளிவிடுவது நீங்கள். அது எதிர்க் கணக்கில் விழுந்ததும் அந்தக் கணக்குக்காரரின் சம்மதம் இல்லாமல் திரும்பி வருவது மிகக் கடினம். சில நொடிகளில் போய்ச் சேரும் உடனடிப் பரிமாற்றங்களில், நீங்கள் உணரும் முன்பே பணம் அங்கிருந்து வேறு கணக்குக்கு நகர்ந்திருக்கும். எனவே "கார்டு வேண்டாம், கணக்குக்கு நேராகப் போட்டால் இன்னும் பத்து சதவீதம் குறைக்கிறேன்" என்று கடைக்காரர் சொன்னால், அந்தப் பத்து சதவீதத்துக்கு அவர் விலைக்கு வாங்குவது உங்கள் புகார் உரிமையை.

இதன் இன்னொரு வடிவம் "கேஷ் ஆன் டெலிவரியை உறுதி செய்யச் சிறு முன்பணம்" என்பது. நேர்மையான கடைகளும் இதைக் கேட்பதுண்டு, காரணமும் புரிந்துகொள்ளக்கூடியதே. ஆர்டர் போட்டுவிட்டு வாசலில் வேண்டாம் என்று சொன்னால், போக வர இரண்டு கூரியர் செலவும் கடைக்காரர் தலையில் விழுகிறது. ஆனால் நேர்மையான கடை அந்த முன்பணத்தையும் தன் பேமென்ட் பக்கத்திலேயே, ஆர்டர் எண்ணோடு வாங்கும். சாட்டில் ஒரு தனிநபரின் க்யூஆர் கோடு வந்தால், அந்தச் சிறு தொகைதான் அவர்களுடைய மொத்த வியாபாரமும். பொருள் வரவே வராது.

தள்ளுபடிக்கு வருவோம். புரிவதற்காக விலையை 100 என்று வைத்துக்கொள்வோம். முன்பணத்துக்கு 5 தள்ளுபடி, கேஷ் ஆன் டெலிவரிக்கு 2 கட்டணம் என்றால் ஒன்று 95, மற்றது 102. வித்தியாசம் 7. இந்த 7, பார்சலே வராமல் போகும் ஆபத்துக்கு நீங்கள் கட்டும் காப்பீடு போல. முன்பணம் கட்டி ஒரு முறை முழுதாக இழந்தால் போவது 95. ஒழுங்காக வரும் ஆர்டர்கள் பதினான்கில் 7 வீதம் மிச்சமாவது 98. அப்படியென்றால் ஏறக்குறைய பதினைந்து ஆர்டருக்கு ஒன்று வராமல் போகும், பணமும் திரும்பாது என்று நீங்கள் நினைத்தால்தான் இந்தக் காப்பீடு கட்டுப்படியாகும். ஒரு கடையைப் பற்றி அப்படித் தோன்றினால் என் கருத்து, அங்கே எந்த முறையிலும் வாங்க வேண்டாம் என்பதே. வராத பார்சலுக்காக நீங்கள் கட்டும் இந்தக் காப்பீடு, அந்தக் கடை அனுப்பக்கூடிய தவறான பொருளுக்குச் செல்லாது. கார்டிலோ சார்ஜ்பேக் இருப்பதால், வராத பார்சலின் பணமும் பெரும்பாலும் திரும்பிவிடும், 7-ஐக் கொடுக்கக் காரணம் இன்னும் குறைகிறது.

கேஷ் ஆன் டெலிவரிதான் உங்கள் வழி என்றால், அதைச் சரியாகச் செய்ய முடியும். பிரித்துப் பார்த்த பிறகு பணம் கொடுக்கும் வசதி உண்டா என்று ஆர்டர் போடும் முன்பே பாருங்கள். வாசலில் டெலிவரி செய்பவரிடம் வாதாடிப் பயனில்லை. வசதி உண்டு என்றால், அவர் நிற்கும்போதே பெட்டியைத் திறந்து மாடல் எண், நிறம், உள்ளே இருக்க வேண்டிய துணைப் பொருள்கள் இவற்றைப் பாருங்கள். இல்லை என்றால், லேபிளில் உள்ள ஆர்டர் எண்ணும் தொகையும் உங்களுக்கு வந்த செய்தியோடு பொருந்துகின்றனவா என்று பார்த்து, பெட்டி ஒட்டியபடி இருப்பதில் தொடங்கி முழுவதும் பிரியும்வரை நிறுத்தாமல் ஒரே வீடியோவாக எடுங்கள். இடையில் நிறுத்தி எடுத்த வீடியோவை ஏற்காமல் மறுக்கக் கடைக்காரருக்கு எளிது. தவறு தெரிந்தால் அன்றே புகார் கொடுங்கள். பெரிய சந்தைத் தளம் வழியாக வாங்கியிருந்தால், கூரியர் வசூலித்த பணம் விற்பவர் கைக்குப் போவதற்குள் தளம் அதை நிறுத்திவைக்க இன்னும் வாய்ப்பு இருக்கும்.

வாசலில் ரொக்கத்துக்குப் பதில் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து கட்டினால், அது மறுபடியும் நேரடிப் பரிமாற்றம்தான் என்பதை நினைவில் வையுங்கள். திரையில் வரும் பெயர் கூரியர் நிறுவனத்தினுடையதாக இருக்க வேண்டும். தனிநபர் பெயர் வந்தால் ரொக்கமாகவே கொடுங்கள், அதற்கு ரசீது அல்லது உறுதிச் செய்தி கேளுங்கள்.

வீட்டில் இருப்பவர்களிடம் இதையும் சொல்லி வையுங்கள். யாரும் ஆர்டர் செய்யாத கேஷ் ஆன் டெலிவரி பார்சல்கள் வருவதுண்டு. பெயரும் முகவரியும் சரியாக இருக்கும், தொகை சண்டை போடத் தோன்றாத அளவு சிறியதாக இருக்கும். நீங்கள் ஏதோ வாங்கியிருப்பீர்கள் என்று நினைத்து வீட்டில் உள்ளவர் பணம் கொடுத்துவிடுவார், உள்ளே ஒன்றுக்கும் உதவாத பொருள் இருக்கும். கேஷ் ஆன் டெலிவரியில் எதை ஆர்டர் செய்தாலும், என்ன பொருள், எவ்வளவு தொகை என்று வீட்டில் சொல்லிவிடுங்கள். சொல்லாத பார்சலை வாங்காமல் திருப்பி அனுப்ப வேண்டும். வாங்க மறுப்பதால் எந்தக் கட்டணமும் உங்கள்மேல் விழாது. "கேன்சல் செய்ய ஓடிபி வரும், சொல்லுங்கள்" என்று அழுத்தம் கொடுத்தால் சொல்லக் கூடாது.

ரீஃபண்ட் நேரத்திலும் இரண்டு முறைகளும் வேறுபடுகின்றன. கார்டில் கட்டியதற்கான ரீஃபண்ட், பொதுவாக அதே கார்டுக்கே திரும்பும், நீங்கள் புதிதாக எதையும் யாரிடமும் சொல்லத் தேவையில்லை. ரொக்கம் திரும்ப வர ஒரு வழி இல்லாததால், கேஷ் ஆன் டெலிவரியில் உங்கள் வங்கிக் கணக்கு விவரம் கேட்பார்கள், அல்லது கடையின் வாலட்டில் வரவு வைப்பார்கள். வாலட் வரவு அந்தக் கடையில்தான் செலவாகும் என்பதால், கணக்குக்கு அனுப்பும்படி கேளுங்கள். இந்த இடைவெளியில்தான் மோசடிக்காரர்களும் நுழைகிறார்கள். பணம் பெற உங்கள் பெயர், கணக்கு எண், வங்கிக் கிளையின் குறியீடு இவை போதும். கார்டு எண், சிவிவி, பின், ஓடிபி எதுவும் தேவையே இல்லை. ரீஃபண்டுக்காக ஒரு க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து பின் எண்ணைப் போடச் சொன்னால், பணம் போவது உங்கள் பக்கத்திலிருந்துதான்.

கார்டு ரீஃபண்ட் தாமதமானால் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. பொருள் அனுப்பப்படும் முன்பே ஆர்டரை ரத்து செய்திருந்தால், பல நேரம் பணம் இன்னும் எடுக்கப்படாமல் கணக்கில் நிறுத்திவைக்கப்பட்டு மட்டும் இருக்கும், சில நாளில் அது தானாக விடுவிக்கப்படும். எடுத்த பணத்தைத் திருப்புவது என்றால் அது எதிர்த்திசையில் ஒரு புதிய பரிவர்த்தனை, அதற்கு 23 இலக்கங்கள் கொண்ட ஏ.ஆர்.என் என்ற குறிப்பு எண் இருக்கும். "ரீஃபண்ட் அனுப்பிவிட்டோம், வங்கியைக் கேளுங்கள்" என்று கடை சொல்லும்போது அந்த எண்ணைக் கேளுங்கள். உண்மையில் அனுப்பியிருந்தால் தருவார்கள், அதை வைத்து உங்கள் வங்கி பணம் எங்கே நிற்கிறது என்று தேடிவிடும். எண்ணைத் தராமல் நாள் கடத்தினால் ரீஃபண்ட் இன்னும் போகவில்லை என்று வைத்துக்கொண்டு, 120 நாள் கெடு ஓடிக்கொண்டிருப்பதை மறக்காமல், சார்ஜ்பேக் புகாரை எழுதத் தொடங்குங்கள்.